முழு வருட பில், மாதாமாத வருமானம்: ஒரு ஏ.எம்.சி. ஒப்பந்தத்தின் 137 நாளும் 228 நாளும்

கோவையில் கணபதி, பீளமேடு பக்கமும், அந்தப் பக்கம் பல்லடம், அவிநாசி வரைக்கும் கம்ப்ரஸர், ஜெனரேட்டர், யு.பி.எஸ். சர்வீஸ் செய்யும் சிறு நிறுவனங்கள் நிறைய. பெரும்பாலானவற்றின் நிலையான வரும்படி, வருடப் பராமரிப்புக்கான ஏ.எம்.சி. ஒப்பந்தம்தான். மில்லுக்கு வருடத்துக்கு ஒரு பில், தொடக்கத்திலேயே முழுத் தொகைக்கு. அந்த பில்லைக் கணக்கில் ஏற்றும் இடத்தில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். பில் போட்ட மாதம் லாபம் பொங்கி வழியும். அடுத்த பதினோரு மாதம் டெக்னீஷியன் சம்பளமும் வண்டி டீசலும் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, லாபம் வற்றிப் போயிருக்கும்.

முதலாளி கேட்கும் கேள்வி எங்கேயும் ஒன்றுதான். "பணம்தான் பேங்க்ல வந்து உக்காந்துருச்சுங்களே, அப்பறம் எதுக்குங்க வருமானமில்லைன்னு சொல்றீங்க?"

பொள்ளாச்சிப் பக்கத் தோப்புக் குத்தகையை வைத்து இதை விளக்கினால் சட்டென்று பிடிபடும். தென்னந்தோப்பை ஒரு வருடக் குத்தகைக்கு விட்டு, முழுப் பணத்தையும் முதல் நாளே வாங்கிவிட்டீர்கள். இரண்டு வெட்டு முடிந்திருக்கிறது. இன்னும் வெட்ட வேண்டிய காய் மரத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் தோப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றால் குத்தகைக்காரர் மீதிப் பணத்தைக் கேட்பார். அந்த மீதிப் பணம் உங்கள் பீரோவில் இருந்தாலும் அது உங்கள் கடன்தான். ஏ.எம்.சி.யும் அப்படியே. இன்னும் செய்து கொடுக்காத நாட்களுக்கான தொகை, செய்து முடிக்கும்வரை மில்லுக்கு நீங்கள் பட்ட கடன்.

பள்ளிக்கூட வணிகவியல் புத்தகத்தில் இதற்கு 'முன்கூட்டிப் பெற்ற வருமானம்' என்று பெயர். பெயரில் சின்னச் சிக்கல் உண்டு. பில் போட்டிருப்போம், பணம் இன்னும் வந்திருக்காது. அப்போதும் இந்தக் கணக்கு வரும். அதனால் லெட்ஜருக்கு `Deferred AMC` என்று பெயர் வைத்து, நடப்புப் பொறுப்புகளின் கீழ் போட்டு வைப்பது நல்லது. வருமானப் பக்கம் `AMC Income`. இந்த இரண்டு லெட்ஜர் போதும். பார்ட்டிக்கு ஒரு `Deferred` லெட்ஜர் திறப்பவர்கள் உண்டு. நாற்பது ஒப்பந்தம் வந்ததும் அது தாங்காது. விவரத்தை எக்செல்லில் வைத்துக்கொள்ளலாம்.

இனி ஒரு ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்போம். பல்லடம் பக்கத்து ஸ்பின்னிங் மில் ஒன்று, இரண்டு ஸ்க்ரூ கம்ப்ரஸர், லேபர் மட்டும் உள்ள ஏ.எம்.சி. சர்வீஸ் செய்யும் நிறுவனம் கூட்டாண்மை. காலம் 15-11-2024 முதல் 14-11-2025 வரை, மொத்தம் 365 நாள். கட்டணம் 1,09,500 ரூபாய். நாளுக்கு 300 என்று வரும்படி எடுத்திருக்கிறேன், மனக்கணக்காகவே சரிபார்த்துக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 19,710 ரூபாய். பில் மொத்தம் 1,29,210.

பில் போடும் நாளில் டேலியில் சேல்ஸ் வவுச்சரை வழக்கம்போலப் போடுங்கள். பார்ட்டி பற்று 1,29,210. `AMC Income` வரவு 1,09,500. சி.ஜி.எஸ்.டி. 9,855, எஸ்.ஜி.எஸ்.டி. 9,855 வரவு. சேல்ஸ் வவுச்சரிலேயே பொறுப்பு லெட்ஜரைத் தேர்ந்தெடுக்கப் பார்த்து, ஜி.எஸ்.டி.ஆர்-1இல் பில் வராமல் போய், அதைத் தேடி ஒரு நாளை வீணாக்க வேண்டாம். பில் பில்லாகவே இருக்கட்டும். அதே தேதியில் ஒரு ஜர்னல் போட்டால் வேலை முடிந்தது. `AMC Income` பற்று 1,09,500, `Deferred AMC` வரவு 1,09,500. இப்போது வருமானம் பூஜ்யம், பொறுப்பு முழுத் தொகை. அந்த ஜர்னலில் ஜி.எஸ்.டி. விவரம் எதுவும் இருக்கக் கூடாது.

இங்கே முதல் தவறு நடக்கும் இடம், 1,29,210 முழுவதையும் `Deferred`-க்குத் தள்ளுவது. வரி உங்கள் வருமானமே இல்லை, அரசாங்கத்துக்குப் போகும் பணம். அதை ஒத்திவைக்கவும் முடியாது. சேவையை வருடம் முழுக்கத் தரப்போகிறீர்கள் என்றாலும், பில் போட்டாயிற்று. எனவே நவம்பர் மாதத்துக்கான ரிட்டர்னிலேயே 19,710 முழுதும் கட்ட வேண்டும். மாதம் 1,642.50 என்று பிரித்துக் கட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. மாதாமாதம் வரி கட்ட வேண்டுமானால் பில்லையும் மாதாமாதம், அல்லது காலாண்டுக்கு ஒன்றாகத்தான் போட வேண்டும். அதற்கு மில்லோடு ஒப்பந்தத்தையே அப்படி எழுதியிருக்க வேண்டும்.

மாத முடிவில் விடுவிப்பு. நவம்பரில் 15 முதல் 30 வரை, இரண்டு நாளையும் சேர்த்து 16 நாள். 16 பெருக்கல் 300, 4,800 ரூபாய். 30-11-2024 தேதியில் `Deferred AMC` பற்று 4,800, `AMC Income` வரவு 4,800. டிசம்பர் 31 நாள், 9,300. ஜனவரி 9,300. பிப்ரவரி 28 நாள், 8,400. மார்ச் 9,300. ஆக, 31-03-2025 வரை 137 நாள், 41,100 ரூபாய் வருமானம். மீதி 228 நாள், 68,400 ரூபாய் பொறுப்பாக அடுத்த வருடத்துக்குப் போகிறது. 2025 நவம்பரில் கடைசி 14 நாளுக்கு 4,200 விடுவித்ததும் லெட்ஜர் பூஜ்யத்தில் நிற்கும்.

நாள் கணக்கு எதற்கு, பன்னிரண்டால் வகுத்து மாதம் 9,125 என்று போட்டால் போதாதா? ஒப்பந்தம் ஒன்றாம் தேதி தொடங்கினால் போதும். நாள் கணக்குக்கும் மாதக் கணக்குக்கும் உள்ள சில நூறு ரூபாய் வித்தியாசம் யாரையும் உறுத்தாது. மாத நடுவில் தொடங்கும் ஒப்பந்தத்தில்தான் வம்பு. நவம்பரை முழு மாதமாக எடுத்தால் மார்ச் வரை ஐந்து மாதம், 45,625 ரூபாய் வந்துவிடும். நாள் கணக்கைவிட 4,525 அதிகம். ஒரு ஒப்பந்தத்தில் இது பெரிதில்லை. நாற்பது ஒப்பந்தமும் மாத நடுவில் தொடங்கி, எல்லாவற்றுக்கும் முதல் மாதத்தை முழுதாக எடுத்திருந்தால், வராத வருமானத்துக்கு வருமான வரி கட்டியிருப்பீர்கள். அதுபோக இன்னொரு விளைவு. பன்னிரண்டு மாதமும் 2025 அக்டோபரோடு முடிந்துவிடும். ஒப்பந்தம் நவம்பர் 14 வரை உயிரோடு இருக்கும், கணக்கில் பணம் இருக்காது.

வகுக்கும் எண் எப்போதும் 365 என்று மனதில் பதிய வைத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்துக்குள் பிப்ரவரி 29 விழுந்தால் 366. பதிமூன்று மாதத்துக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தமும் உண்டு, "ஒரு மாசம் சேத்திக் குடுங்க" என்று மில்காரர் கேட்டு வாங்கியிருப்பார். தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் வைத்து நாளை எண்ணுவதுதான் ஒரே வழி. எக்செல்லில் B பத்தியில் தொடக்கத் தேதி, C-இல் முடிவுத் தேதி, D-இல் வரி நீங்கிய தொகை, F1 முதல் வலப்பக்கமாக ஒவ்வொரு மாதத்தின் கடைசித் தேதி. F2-இல் இந்த ஃபார்முலாவைப் போட்டு இழுத்துவிட்டால் எல்லா ஒப்பந்தத்துக்கும் எல்லா மாதமும் வந்துவிடும்.

```
=MAX(0,MIN($C2,F$1)-MAX($B2,EOMONTH(F$1,-1)+1)+1)*$D2/($C2-$B2+1)
```

அந்த மாதத்துக்குள் ஒப்பந்தம் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்பதைத்தான் இது எண்ணுகிறது. `+1` மூன்றும் முக்கியம். தொடக்க நாளும் முடிவு நாளும் சேவை நாளே. மாதத்தின் நாளை எண்ணும் இடத்தில் உள்ள கடைசி `+1`-ஐ விட்டுவிட்டால் நவம்பருக்கு 15 நாள்தான் வரும். பைசாவை ஒவ்வொரு மாதமும் ரூபாயாக முழுமையாக்கினால் கடைசியில் ஒன்றிரண்டு ரூபாய் தொங்கும். கடைசி மாதத்துக்கு மட்டும் ஃபார்முலாவை விட்டுவிட்டு, மீதி உள்ளதை அப்படியே எடுத்துவிடுங்கள்.

மாத ஜர்னல் ஒப்பந்தத்துக்கு ஒன்றாகப் போட வேண்டியதில்லை. அந்த மாதப் பத்தியின் கூட்டுத்தொகைக்கு ஒரே ஒரு ஜர்னல், விவரக் குறிப்பில் எக்செல் ஷீட்டின் பெயர். போதும்.

ஆனால் அந்த ஜர்னல் சரியா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் பலர் சோம்பல் படுகிறார்கள். விடுவித்த தொகையைச் சரிபார்ப்பதைவிட, மீதி இருக்க வேண்டிய தொகையைத் தனியாகக் கணக்கிட்டு லெட்ஜரோடு ஒப்பிடுவது வலுவான சோதனை. காலியாக இருக்கும் E பத்தியில், E1-இல் 31-03-2025 என்று போட்டு, E2-இல் இதை எழுதுங்கள்.

```
=$D2*MAX(0,MIN($C2-$B2+1,$C2-E$1))/($C2-$B2+1)
```

நம் ஒப்பந்தத்துக்கு இது 68,400 காட்டும். ஏப்ரலில் தொடங்கப் போகும் ஒப்பந்தத்துக்கு முழுத் தொகையையும், முடிந்துபோன ஒப்பந்தத்துக்குப் பூஜ்யத்தையும் காட்டும். எல்லா ஒப்பந்தத்தின் கூட்டுத்தொகையும் டேலியில் `Deferred AMC` இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தேட வேண்டிய இடங்கள் ஏறக்குறைய தெரிந்தவைதான். லெட்ஜர் இருப்பு குறைவாக இருந்தால், யாரோ ஒரு பில்லுக்கு அன்றைய ஜர்னலைப் போடாமல் நேராக வருமானத்திலேயே விட்டிருப்பார்கள். மாத விடுவிப்பு ஷீட்டின்படி நடந்துகொண்டே இருப்பதால், வித்தியாசத் தொகை ஒரு பில்லின் வரி நீங்கிய முழுத் தொகைக்கு அப்படியே பொருந்தும். அதிகமாக இருந்தால், ஏதோ ஒரு மாத ஜர்னல் விட்டுப் போயிருக்கும், அல்லது ரத்தான ஒப்பந்தம் ஷீட்டிலிருந்து நீக்கப்பட்டு லெட்ஜரில் தங்கியிருக்கும். லெட்ஜர் பற்று இருப்பில் நின்றால் கேள்வியே இல்லை, எங்கோ இரண்டு முறை விடுவித்திருக்கிறீர்கள், அல்லது ஒத்திவைக்காத பில்லை விடுவித்திருக்கிறீர்கள்.

இதுவரை நாளைச் சீராகப் பிரித்தோம். எல்லா ஒப்பந்தத்துக்கும் இது பொருந்துமா என்பதை ஒப்பந்தத் தாளைப் படித்துத்தான் சொல்ல முடியும். நம் மில் ஒப்பந்தத்தில் காலாண்டுக்கு ஒன்றாக நான்கு முறை வந்து சர்வீஸ், அதுபோக மிஷின் நின்றால் எத்தனை முறை கூப்பிட்டாலும் வர வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை முறை கூப்பிடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மில் காசு கொடுப்பது முக்கியமாக அந்த 'எப்போது கூப்பிட்டாலும்' என்ற உறுதிக்குத்தான். அது ஒவ்வொரு நாளும் சமமாக ஓடுகிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் எண்ணிச் சொல்ல முடியாத செயல்களால் சேவை தரப்பட்டால் வருமானத்தை அந்தக் காலத்துக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றுதான் கணக்கியல் தரநிலை ஏ.எஸ். 9 சொல்கிறது. வருமான வரிக்கான ஐ.சி.டி.எஸ். 4-ம் அத்தகைய சேவைக்கு அதே வழியை அனுமதிக்கிறது.

ஒப்பந்தத்தில் நான்கு விசிட் மட்டும் இருந்து, இடையில் கூப்பிட்டால் தனிக் கட்டணம் என்றால் கதை வேறு. அப்போது நாளுக்கு 300 என்பது அர்த்தமில்லாத கணக்கு. ஒரு விசிட் முடிந்து, சர்வீஸ் ரிப்போர்ட்டில் மில் மெயின்டனன்ஸ் ஆள் கையெழுத்துப் போட்டால் நான்கில் ஒரு பங்கு, 27,375, வருமானம். மார்ச் கடைசியில் வர வேண்டிய விசிட்டை "ஏப்ரல்ல வெச்சுக்கலாங்க, இப்ப ஷட்டவுன் குடுக்க முடியாது" என்று மில் தள்ளிவைத்தால், அந்த 27,375 அடுத்த வருடத்துக்குப் போய்விடும். அதனால் மார்ச் 31 அன்று சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தை வாங்கி, கடைசிக் கையெழுத்தின் தேதியைப் பார்க்காமல் கணக்கை மூடக் கூடாது. இதில் ஆசைக்கும் இடமுண்டு. லாபம் கூட வேண்டுமென்றால் ரிப்போர்ட் தேதியை முன்னால் இழுப்பதும், குறைய வேண்டுமென்றால் தள்ளுவதும் நடக்கும். வண்டியின் லாக் புத்தகத்தில் அந்தத் தேதியில் பல்லடம் போனதற்கான கிலோமீட்டர் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது டி.டி.எஸ். இந்த விஷயத்தில் அதிகம் பணம் தொலைவது இங்கேதான் என்பது என் எண்ணம். ஏனென்றால் தவறு செய்தாலும் கணக்கில் எதுவும் இடறாது. மில் ஒரு கம்பெனி, சர்வீஸ் நிறுவனம் கூட்டாண்மை, வழக்கமான பராமரிப்பு ஒப்பந்தம். எனவே 2024-25-இல் இருந்த வருமான வரிச் சட்டத்தின் 194சி-யின் கீழ் 2 சதவீதம் பிடிப்பார்கள். ஜி.எஸ்.டி. பில்லில் தனியாகக் காட்டியிருப்பதால் 1,09,500-க்கு மட்டும், 2,190 ரூபாய். பேங்குக்கு வருவது 1,27,020. மில் தன் புத்தகத்தில் பில்லை நவம்பரிலேயே ஏற்றிவிடுவதால் 2,190 முழுதும் 2024-25-க்கான 26ஏஎஸ்-இல் தெரியும், வருமானம் 1,09,500 என்று. உங்கள் புத்தகத்திலோ அந்த வருட வருமானம் 41,100.

இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் 2,190 முழுவதையும் 2024-25-லேயே கழித்துக்கொள்வார்கள். காட்டிய வருமானத்துக்கும் கேட்கும் டி.டி.எஸ்.ஸுக்கும் பொருந்தவில்லை என்று துறையிலிருந்து கேள்வி வரும். இன்னும் சிலர், பயந்துபோய் 41,100-க்கு உரியதை மட்டும் கேட்டுவிட்டு மீதியை அப்படியே மறந்துவிடுவார்கள். அடுத்த வருட 26ஏஎஸ்-இல் அது வராது. வராததை யாரும் தேட மாட்டார்கள். அந்த வருடத்துக்குப் பொருந்தும் விதி 37பிஏ சொல்வது தெளிவு. வருமானம் பல வருடங்களுக்குப் பிரிந்து வந்தால், பிடித்த வரியையும் அதே விகிதத்தில் அந்தந்த வருடத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் கணக்கில் நாளுக்கு 6 ரூபாய். 137 நாளுக்கு 822 இந்த வருடம். 228 நாளுக்கு 1,368 அடுத்த வருடம். ரிட்டர்னின் டி.டி.எஸ். அட்டவணையில் அடுத்த வருடத்துக்குக் கொண்டு செல்லும் தொகைக்கென்று தனிப் பத்தி இருக்கிறது. அங்கே 1,368 போட்டால்தான் அடுத்த வருடம் முன்வருடத்திலிருந்து கொண்டுவந்தது என்று கேட்க முடியும். அதே எக்செல் ஷீட்டில் டி.டி.எஸ்.ஸுக்கு ஒரு பத்தி சேர்த்து, அதே ஃபார்முலாவை ஓட்டிவிடுங்கள். பேலன்ஸ் ஷீட்டில் நிற்கும் டி.டி.எஸ். இருப்பு அதோடு ஒத்துப் போக வேண்டும்.

ஜி.எஸ்.டி. டர்ன்ஓவருக்கும் புத்தக வருமானத்துக்கும் வித்தியாசம் வருவதும் இதே காரணத்தால்தான். பயப்பட ஒன்றுமில்லை, கையில் ஒரு தாள் இருந்தால் போதும். வருடத்தில் போட்ட ஏ.எம்.சி. பில்களின் மொத்தம், அதோடு தொடக்க `Deferred` இருப்பைக் கூட்டு, இறுதி `Deferred` இருப்பைக் கழி. வருவது புத்தக வருமானம். ஆடிட்டர் மேசைக்குப் போகும் முன்பே இந்த மூன்று எண்ணையும் எழுதி வைத்துவிட்டால் அரை நாள் மிச்சம்.

பில் தேதியும் ஒப்பந்தத் தேதியும் ஒரே நாளில் அமைவது அபூர்வம். மில்லில் பி.ஓ. வருவதற்கே இரண்டு மாதம் இழுக்கும். ஒப்பந்தம் நவம்பர் 15-இல் தொடங்கி, பில் ஜனவரி 10-இல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 47 நாள் சேவை டிசம்பர் 31-க்குள்ளேயே முடிந்துவிட்டது, 14,100 ரூபாய். ஜனவரியில் பில் போட்டு, அந்த மாத விடுவிப்பில் பழைய 47 நாளையும் சேர்த்து எடுத்தால் வருடக் கணக்குக்குக் குறையில்லை. மாத லாபத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு மட்டும் ஜனவரி ஏமாற்றும். ஆனால் நடுவில் மார்ச் 31 குறுக்கிட்டால் சும்மா விட முடியாது. மார்ச் 15-இல் தொடங்கிய புதுப்பிப்புக்கு ஏப்ரலில் பில் போனால், 17 நாளுக்கான தொகையை 'பில் போடாத வருமானம்' என்று சொத்துப் பக்கம் மார்ச்சிலேயே ஏற்ற வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு, மில் சம்மதித்ததற்கு பி.ஓ.வோ, ஈ-மெயிலோ இருக்க வேண்டும். "பாத்துக்கலாங்க, வந்துட்டு இருங்க" என்ற வாய்வார்த்தையை நம்பி வருமானம் எடுக்கக் கூடாது. அது பேரம் முடியாத வியாபாரம்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். ஏப்ரல் 1-இல் தொடங்கும் ஒப்பந்தத்துக்கு மார்ச் 20-லேயே பில் போட்டுவிடுவார்கள், வருட டார்கெட்டுக்காக. இந்த வருட வருமானம் ஒரு ரூபாய்கூட இல்லை. ஜி.எஸ்.டி. மட்டும் மார்ச் ரிட்டர்னிலேயே கட்ட வேண்டும், பணம் வராவிட்டாலும். பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கம் டெப்டர்ஸ், மறுபக்கம் `Deferred`, இரண்டும் வீங்கி நிற்கும். சி.சி. லிமிட்டுக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். இந்த டெப்டர்ஸையும் சேர்த்துக் கொடுத்து ட்ராயிங் பவரை ஏற்றிக்கொண்டால், பேங்க் மேனேஜர் அதை ஆடிட் ஆன பேலன்ஸ் ஷீட்டோடு ஒப்பிடும்போது நடப்புப் பொறுப்பில் அதே அளவு தொகை நிற்பதைப் பார்த்துக் கேட்பார். சேவையே தொடங்காத, பணமும் வராத பில்லை இரண்டு பக்கமும் நீக்கிவிட்டுக் காட்டுவது நேர்மையான வழி. வரியை மட்டும் பார்ட்டியிடமிருந்து வர வேண்டியதாக வைத்துக்கொள்ளலாம்.

இனி நம் மில்லுக்கே திரும்புவோம். 2025 மே மாதம் மில்காரர் ஒரு யூனிட்டை மூடிவிட்டார். ஒப்பந்தம் மே 31-ஓடு முடிகிறது, மீதி நாளுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். மார்ச் வரை 137 நாள், ஏப்ரல் 30, மே 31, ஆக 198 நாள். சம்பாதித்தது 59,400. மீதி 167 நாள், 50,100 ரூபாய். மே மாத விடுவிப்பை முதலில் போட்டுவிட்டு லெட்ஜரைப் பார்த்தால் இந்த ஒப்பந்தத்துக்கு 50,100 நிற்க வேண்டும். அதற்கு கிரெடிட் நோட், `Deferred AMC` பற்று 50,100, சி.ஜி.எஸ்.டி. பற்று 4,509, எஸ்.ஜி.எஸ்.டி. பற்று 4,509, பார்ட்டி வரவு 59,118. இந்தக் கிரெடிட் நோட்டை `AMC Income`-இல் பற்று வைப்பதுதான் பரவலாக நடக்கும் பிழை. அந்த வருமானத்தை நீங்கள் எடுக்கவே இல்லை, அப்புறம் அதைக் குறைக்க எங்கிருந்து வரும்? அப்படிப் போட்டால் வருமானம் 50,100 குறைந்து, `Deferred`-இல் 50,100 அனாதையாக நிற்கும். ஷீட் ஃபார்முலா அதை மாதாமாதம் விடுவித்துக்கொண்டே போய் நவம்பரில்தான் சமமாகும். அதுவரை ஒவ்வொரு மாத லாபமும் பொய். சேல்ஸ் கிரெடிட் நோட் வவுச்சரில் வருமான லெட்ஜர்தான் வரும் என்றால், பில் போட்ட நாளில் செய்ததுபோலவே அன்றே ஒரு ஜர்னல் போட்டுத் திருப்பிவிடலாம். ஷீட்டில் முடிவுத் தேதியை மே 31 என்றும் தொகையை 59,400 என்றும் மாற்ற மறக்காதீர்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் நாளுக்கான விகிதமே புரண்டுவிடும்.

கிரெடிட் நோட்டுக்குக் கெடு உண்டு. 2024-25-இல் போட்ட பில்லுக்கு, வரியைக் குறைத்துக்கொள்ளும் கிரெடிட் நோட்டை 2025 நவம்பர் 30-க்குள், அல்லது அந்த வருட ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியோ அதற்குள் காட்டிவிட வேண்டும். மில்லும் தான் எடுத்த உள்ளீட்டு வரியை அந்த அளவுக்குத் திருப்ப வேண்டும். கெடுவைத் தாண்டினால் 9,018 ரூபாய் வரி உங்கள் கைப்பணம். டி.டி.எஸ்.ஸைப் பொறுத்தவரை, மில் முழுத் தொகைக்கும் பிடித்துக் கட்டிவிட்டது. கொண்டுவந்த 1,368 முழுவதையும் 2025-26 ரிட்டர்னில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், ஒப்பந்தத்திலிருந்து இனிமேல் வேறு வருமானம் வரப்போவதில்லை.

ஒப்பந்தத்தில் 'இடையில் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்காது' என்று இருந்து, மில்லும் அதை ஏற்றுக்கொண்டால் கிரெடிட் நோட் இல்லை. மே 31 அன்று மீதி 50,100-ஐ ஒரே ஜர்னலில் வருமானத்துக்கு எடுத்துவிடலாம். இனிச் செய்ய வேண்டிய வேலை இல்லை, கடனும் இல்லை. ஆனால் கோயமுத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் அந்த வாசகத்தைக் காட்டி யாரும் பணத்தைப் பிடித்து வைப்பதில்லை. நாளைக்கு அதே மில்காரர் வேறு யூனிட்டுக்குக் கூப்பிட வேண்டுமே. அதனால் எழுத்தில் என்ன இருக்கிறது என்பதோடு, என்ன பேசி முடித்தார்கள் என்பதையும் முதலாளியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டுப் பதிவு போடுங்கள்.

பணமே தராமல் இழுத்தடிக்கும் பார்ட்டி இன்னொரு வகை. பில் போட்டு ஆறு மாதம், காசு வரவில்லை, டெக்னீஷியனையும் அனுப்புவதை நிறுத்தியாயிற்று. எக்செல் ஷீட்டுக்கு இது தெரியாது, அது பாட்டுக்கு நாளுக்கு 300 விடுவித்துக்கொண்டே இருக்கும். சேவையை நிறுத்திய தேதியில் விடுவிப்பையும் நிறுத்த வேண்டும். மாத ஜர்னல் போடும் முன் டெப்டர்ஸ் பட்டியலையும் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரொம்ப நாளாக நிற்கும் பெயர்களைப் பற்றி சர்வீஸ் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். "அங்க நாம போயி மூணு மாசமாச்சுங்க" என்று அவர் சொல்வது எந்த லெட்ஜரிலும் இருக்காது.

இதுவரை பில் போட்ட நாளிலேயே முழு வருமானமும் எடுத்துப் பழகியவர்கள், இந்த முறைக்கு மாறும் முதல் வருடத்தில் ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். ஏப்ரல் 1-இல் உயிரோடு இருக்கும் பழைய ஒப்பந்தங்களின் வருமானம் போன வருடமே எடுத்து, வரியும் கட்டியாயிற்று. அதை இந்த வருடம் மீண்டும் எடுக்க முடியாது. புது பில்களிலோ ஒரு பகுதி அடுத்த வருடத்துக்குப் போய்விடும். இரண்டும் சேர்ந்து அந்த ஒரு வருட லாபத்தை மெலிதாக்கிக் காட்டும். வியாபாரம் குறையவில்லை, கணக்கு முறை மாறியிருக்கிறது என்பதைக் கணக்குக் குறிப்பில் தொகையோடு எழுதி, லோன் புதுப்பிக்கப் போகும் முன்பே பேங்கில் சொல்லிவிட வேண்டும். அந்த வருடமே பெரிய லிமிட் கேட்டு விண்ணப்பிக்கும் திட்டம் இருந்தால், ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசிவிட்டு மாறும் வருடத்தை முடிவு செய்யுங்கள். மாறிவிட்டுப் பாதியில் பழைய முறைக்குத் திரும்புவது மட்டும் வேண்டாம். அடுத்த ஆடிட்டில் ஒவ்வொரு பில்லையும் பிரித்துப் போட்டு விளக்கம் சொல்ல நேரும்.